ஸ்டாக் கணக்கு உதைக்கிறதா? வாசகர் கேள்விகள்

வருடக் கடைசியில் எல்லாவற்றையும் எண்ணிவிடுகிறோம். அப்புறம் எதற்கு சைக்கிள் கவுண்ட்?

வருடாந்திர எண்ணிக்கை அன்றைய கையிருப்பைச் சொல்லும். வித்தியாசம் எப்போது வந்தது என்று சொல்லாது. 12 மாத என்ட்ரிகளில் எதைத் தேடுவீர்கள்? சைக்கிள் கவுண்டில் தினமும் சில பொருட்களை மட்டும் எண்ணுகிறீர்கள். அதிகம் புரளும், விலை கூடிய பொருட்கள் அடிக்கடி முறைக்கு வரும். ஒரு பொருளைப் போன மாதம் எண்ணிச் சரியாக இருந்தது என்றால், தவறு அதற்குப் பிந்தைய என்ட்ரிகளில்தான் இருக்கும். வருடக் கணக்கெடுப்பை நிறுத்தலாமா என்பதை மட்டும் உங்கள் ஆடிட்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

ஒரு பொருள் கணக்கில் 130, அலமாரியில் 240. திருத்திவிடலாமா?

உடனே திருத்தாதீர்கள். முதலில் வேறொருவர், கணக்கில் உள்ள எண்ணைப் பார்க்காமல், மறுபடி எண்ணட்டும். அப்போதும் 240 வந்தால் வித்தியாசத்தையே கொஞ்சம் உற்றுப் பாருங்கள்: 110.

இந்தப் பொருள் 12 அடங்கிய பெட்டியில் வருவதாக வைத்துக்கொள்வோம். 10 பெட்டி வந்து இறங்கியிருக்கிறது. என்ட்ரி போட்டவர் 10 பீஸ் என்று போட்டுவிட்டார். 120 ஏற வேண்டிய இடத்தில் 10 ஏறினால் குறைவது சரியாக 110. அதாவது பெட்டி அளவில் ஒன்று குறைத்து, அந்த 11 ஆல் வித்தியாசம் மீதியின்றி வகுபட்டால், பெட்டி–பீஸ் குழப்பம் என்று சந்தேகிக்கலாம். சந்தேகம்தான், தீர்ப்பு அல்ல. கடந்த எண்ணிக்கைக்குப் பிறகு வந்த சரக்கு என்ட்ரிகளில் 10 என்று ஒன்று இருக்கிறதா என்று பார்த்து, சப்ளையர் பில்லோடு ஒப்பிடுங்கள். அகப்பட்டால் அந்த என்ட்ரியைத் திருத்துங்கள். வெறுமனே 110 ஐக் கூட்டி வைத்தால் கணக்கு நேராகும், அடுத்த லோடிலும் அதே தவறு நடக்கும்.

மொத்த மதிப்பில் வித்தியாசம் ஏறக்குறைய பூஜ்யம். கணக்கு சரிதானே?

இல்லை. கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று விழுங்கியிருக்கலாம். எண்ணிய 200 பொருட்களில் 170 ஒத்துப்போனால் துல்லியம் 85 சதவீதம். பண மதிப்பு என்ன சொன்னாலும் சரி. ஒரே மாதிரி இரண்டு பொருட்களில் ஒன்று 6 கூடி மற்றது 6 குறைந்திருந்தால், அநேகமாக மாற்றி எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். லேபிளையும், அவை பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள்.

எண்ணும்போதும் சரக்கு போய் வருகிறதே?

சைக்கிள் கவுண்டில் பொய்யான வித்தியாசங்கள் பெரும்பாலும் இப்படித்தான் வருகின்றன. எண்ணும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வந்து இறங்கியும் என்ட்ரி ஆகாதது, பில் போட்டும் இன்னும் வெளியே போகாதது, இந்த இரண்டையும் கணக்கில் கொண்டு பிறகு ஒப்பிடுங்கள். காலையில் முதல் லோடு கிளம்பும் முன் எண்ணினால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.