மூன்று திட்டம், ஒரே வட்டி விகிதம்: நிதிப் பிரிவு நேர்முகத்தில் எங்கே சறுக்குகிறார்கள்?

எம்.பி.ஏ. நிதி இறுதியாண்டு படிக்கும் தம்பிக்கு,

தேர்வில் மூலதனச் செலவுக் கணக்கை முழு மதிப்பெண்ணுக்குப் போடுகிறீர்கள். ஆனால் கம்பெனி நேர்முகத்தில் கேஸ் கொடுத்து, "இந்தத் திட்டங்களை வரிசைப்படுத்துங்கள்" என்றால் தடுமாறுகிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். சூத்திரத்தில் குறையில்லை. பாடப்புத்தகம் எடைகளையும் பீட்டாவையும் கையில் கொடுத்துவிடுகிறது, கம்பெனியில் அவற்றை நீங்களே தேடிப்பிடிக்க வேண்டும். அதற்கு ஒரு கேஸை முழுதாகப் போட்டுப் பார்ப்போம்.

கோவையில் பம்ப் தயாரிக்கும் ஒரு நடுத்தரக் கம்பெனி என்று வைத்துக்கொள்ளுங்கள். பங்குச்சந்தையில் பட்டியலாகவில்லை. வங்கிக் கடன் 40 கோடி, வட்டி 10%. பேலன்ஸ் ஷீட்டில் பங்குதாரர் நிதி 25 கோடி. பலரும் இந்த 25-ஐயும் 40-ஐயும் எடையாக வைத்துவிடுகிறார்கள். அந்த 25 கோடி பழைய முதலும் சேர்ந்து நின்ற லாபமும்தான், இன்று அந்தப் பங்கின் மதிப்பு அதுவல்ல. வட்டி, வரி, தேய்மானத்துக்கு முந்தைய லாபம் ஆண்டுக்கு 12.5 கோடி, இதே தொழிலில் உள்ள பட்டியலான கம்பெனிகள் அதன் 8 மடங்கில் விலைபோகின்றன என்றால், மொத்த மதிப்பு 100 கோடி. கடன் போக பங்கு 60 கோடி. ஆக எடை 60:40.

பங்குச் செலவுக்குப் பீட்டா வேண்டும். பட்டியலான பம்ப் கம்பெனிகளின் பீட்டாவிலிருந்து அவரவர் கடனின் தாக்கத்தை நீக்கி, சராசரி 0.8 வருகிறது என்று கொள்வோம். அதில் நம் கம்பெனியின் கடனை ஏற்றினால் 0.8 × (1 + 0.75 × 40/60), அதாவது 1.2. இதில் 0.75 என்பது சுமார் 25% வரி போக மிஞ்சுவது. அரசுப் பத்திர வருமானம் 7%, சந்தை ரிஸ்க்குக்கான கூடுதல் 7% என்றால் பங்குச் செலவு 15.4%. கடனுக்கு வரிச்சலுகை உண்டு. 22% விகிதத்தைத் தேர்ந்தெடுத்த கம்பெனிக்கு சர்சார்ஜ், செஸ் சேர்த்து வரி 25.17%, எனவே 10% வட்டி வரிக்குப்பின் 7.48% ஆகிறது. எடையிட்டுக் கூட்டினால் கம்பெனியின் சராசரி மூலதனச் செலவு 12.2%. பேலன்ஸ் ஷீட் எடையை வைத்திருந்தால் இதே பங்குச் செலவுக்கு 10.5% வந்திருக்கும். அவ்வளவு தாழ்ந்த விகிதத்தில் நிராகரிக்க வேண்டிய திட்டம்கூடத் தேறிவிடும்.

இனி மூன்று திட்டங்கள். கையில் 11 கோடி இருக்கிறது. ஒன்று, தொழிற்சாலைக் கூரையில் சோலார்: முதலீடு 4 கோடி, வரிக்குப்பின் மின்கட்டண மிச்சம் ஆண்டுக்கு 58 லட்சம், 15 ஆண்டு. இரண்டு, இப்போது விற்கும் பம்புகளுக்கே கூடுதல் சிஎன்சி எந்திரங்கள்: 5 கோடி, ஆண்டுக்கு 1.35 கோடி, 7 ஆண்டு. மூன்று, மின்வாகன மோட்டார் என்ற புதுத் தயாரிப்பு: 6 கோடி, ஆண்டுக்கு 1.75 கோடி, 5 ஆண்டு.

மூன்றுக்கும் 12.2% போட்டால் நிகர தற்போதைய மதிப்பு இப்படி வரும்: சிஎன்சி 1.12 கோடி லாபம், மோட்டார் 28 லட்சம் லாபம், சோலார் 9 லட்சம் நஷ்டம். சிஎன்சியும் மோட்டாரும் சேர்ந்து சரியாக 11 கோடி. தேர்வெழுதுபவர் இங்கே பேனாவை மூடிவிடுவார். நேர்முகம் எடுப்பவர் காத்திருப்பது இதற்குத்தான்.

12.2% என்பது பம்ப் தொழிலின் ரிஸ்க்கைச் சுமக்கும் விகிதம். சோலாரின் வரவு பம்ப் விற்பனையை நம்பியில்லை, மின்கட்டணத்தையும் வெயிலையும் நம்பியிருக்கிறது. மின்னுற்பத்தித் தொழிலின் கடன் நீக்கிய பீட்டா 0.45 என்று கொண்டு அதே கணக்கைப் போட்டால் விகிதம் 10% ஆகிறது. மோட்டார் அதற்கு நேர்மாறு. அந்தத் தொழிலின் பீட்டா 1.3 என்று வைப்போம், வங்கியும் அதற்கு 40% கடன் தராது, 20% தரலாம். எடையை 80:20 என்று மாற்றிப் போட்டால் 15.7% வருகிறது, 16 என்றே வைத்துக்கொள்ளலாம். இந்தத் திட்டவாரி விகிதம்தான் ஹர்டில் ரேட். கம்பெனியின் சராசரிச் செலவு இதற்குத் தொடக்கப்புள்ளி மட்டுமே.

மறுபடி போடுங்கள். சோலார் 10%-ல் 41 லட்சம் லாபம். மோட்டார் 16%-ல் 27 லட்சம் நஷ்டம். சிஎன்சி இருக்கும் தொழிலின் நீட்சி என்பதால் 12.2%-லேயே, அதே 1.12 கோடி. முதலில் எடுத்த ஜோடி உண்மையில் 85 லட்சம் மதிப்பு சேர்க்கிறது, சிஎன்சியும் சோலாரும் 1.53 கோடி சேர்க்கின்றன, அதுவும் 9 கோடி முதலீட்டில். மீதி 2 கோடியைக் கடனில் கட்டலாம். ஐஆர்ஆர் பார்த்து வரிசைப்படுத்தினாலும் இதே தவறுதான் நடக்கும்: மோட்டார் 14%, சோலார் 11.8% என்று மோட்டார் மேலே நிற்கும். ஐஆர்ஆரை அந்தந்தத் திட்டத்தின் சொந்த ஹர்டிலோடு ஒப்பிட வேண்டும், பக்கத்துத் திட்டத்தின் ஐஆர்ஆரோடு அல்ல.

"எங்கள் எம்.டி. 18% இல்லாமல் எதையும் தொடமாட்டார்" என்று நேர்முகம் எடுப்பவர்கள் சொல்லக்கூடும். விற்பனைப் பிரிவின் மதிப்பீடு எப்போதும் மிகையாக இருக்கிறது என்ற அனுபவம் அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும், அதை மதியுங்கள். ஆனால் மருந்து தவறு. விகிதத்தில் கூட்டிய ஒவ்வொரு சதவீதமும் ஆண்டுக்காண்டு பெருகி, நீண்டகாலத் திட்டத்தைத்தான் அதிகம் அடிக்கும். 18%-ல் சோலாரின் நஷ்டம் 1 கோடியைத் தாண்டுகிறது, சிஎன்சியே 15 லட்சத்தில் தொங்குகிறது. மிகை மதிப்பீடு என்றால் வரவு எண்ணையே குறைத்துப் போட வேண்டும்.

வரவு எண்ணில் இன்னும் இரண்டு பொறிகள் உண்டு. பி.காம். வழி வந்தவர்கள் பழக்கத்தில் வட்டியைச் செலவாகக் கழித்துவிடுகிறார்கள், வங்கிக்குத் தரும் திட்ட அறிக்கையிலும் அப்படித்தான் இருக்கும். 12.2%-க்குள் வட்டி ஏற்கெனவே இருக்கிறது. கழித்தால் இரண்டு முறை கழித்ததாகும், நல்ல திட்டமும் விழும். அடுத்தது எக்ஸெல். NPV ஃபங்ஷன் முதல் எண்ணையே ஓராண்டு கழித்து வருவதாக எடுத்துக்கொள்ளும். இன்றைய முதலீட்டை அடைப்புக்குள் போட்டால் சிஎன்சியின் 1.12 கோடி 1 கோடியாகச் சுருங்கிவிடும். முதலீடு B2-ல் மைனஸாக இருந்தால் இப்படி எழுதுங்கள்:

```
=NPV(12.2%,C2:I2)+B2
```

மோட்டார் திட்டத்தை "நிராகரிக்கலாம்" என்று ஒற்றைச் சொல்லில் முடிக்காதீர்கள். 16%-க்கு 5 ஆண்டுக் காரணி 3.274. 6 கோடியை அதால் வகுத்தால் 1.83 கோடி. ஆண்டு வரவு இன்னும் 8 லட்சம் கூடினால் திட்டம் தேறிவிடும் என்று பொருள். "ஒரு வாகனத் தயாரிப்பாளரிடம் குறைந்தபட்சக் கொள்முதல் ஒப்பந்தம் வாங்க முடியுமா, காந்தம் வாங்கும் விலையை உறுதிசெய்ய முடியுமா?" என்ற கேள்வியையும் சேர்த்து அறிக்கையில் எழுதுங்கள். ஒப்பந்தம் கிடைத்தால் வரவோடு ரிஸ்க்கும் மாறும், அப்போது 16% என்ற விகிதத்தையும் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும்.