அயர்ன் காண்டோர்: எங்கே விற்பது, எவ்வளவு தள்ளி வாங்குவது, எப்போது கை வைப்பது

கேள்வி: இண்டெக்ஸ் ஆறு வாரமாக 9,600-க்கும் 10,400-க்கும் நடுவிலேயே சுற்றுகிறது. அயர்ன் காண்டோருக்கு அந்த இரண்டு எண்களிலேயே காலையும் புட்டையும் விற்றுவிடலாமா சார்?

பதில்: வேண்டாம். அந்த எல்லை எல்லோர் கண்ணிலும் பட்டிருக்கிறது. விலை அங்கே போய் முட்டிவிட்டுத்தான் திரும்பும். ஒவ்வொரு முட்டலுக்கும் உங்கள் தூக்கம் போகும். சந்தை எவ்வளவு அசைவை எதிர்பார்க்கிறது என்பதை முதலில் பாருங்கள். இண்டெக்ஸ் 10,000, எக்ஸ்பைரிக்கு 30 நாள், இம்ப்ளைடு வோலட்டிலிட்டி 16 சதவீதம் என்றால்:

```
10000 × 0.16 × √(30/365) ≈ 459
```

ஆக, 10,450 காலையும் 9,550 புட்டையும் விற்கலாம். இரண்டும் எல்லைக்கு 50 புள்ளி வெளியே இருக்கின்றன, டெல்டாவும் 0.16-ஐ ஒட்டியே வரும். இந்தக் கணக்கு எல்லைக்கு உள்ளே விற்கச் சொல்கிற மாதத்தில் பிரீமியம் மெலிந்திருக்கிறது என்று பொருள். அந்த மாதம் நான் ஒதுங்கிவிடுவேன்.

கேள்வி: இருபுறமும் 0.16 டெல்டா என்றால் 68 சதவீதம் வெற்றி. பிறகு எதற்குச் சரிசெய்யும் விதி?

பதில்: பாதி சரி. அந்த 68, எக்ஸ்பைரி அன்று விலை எங்கே நிற்கும் என்பதைப் பற்றியது. நடுவில் ஒருநாள் ஸ்ட்ரைக்கைத் தொட்டுவிட்டு வருவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. பக்கத்துக்கு 16 என்பது 32 ஆகிவிடுகிறது. கடைசியில் லாபமாக முடிகிற பல காண்டோர்கள் நடுவழியில் பயமுறுத்திவிட்டுத்தான் முடியும். அந்த நாளில் என்ன செய்வது என்பதை முன்பே எழுதி வைக்கத்தான் விதி.

கேள்வி: பாதுகாப்புக்கான காலையும் புட்டையும் விற்ற ஸ்ட்ரைக்கிலிருந்து 100 புள்ளி தள்ளி வாங்குவதா, 200 புள்ளியா? 100-தான் குறைந்த ரிஸ்க் என்கிறார்கள்.

பதில்: எல்லா ஸ்ட்ரைக்குக்கும் அதே 16 சதவீதத்தை வைத்துக் கணக்கிட்டால் 100-க்கு 28 புள்ளி வரவு, அதிகபட்ச நஷ்டம் 72. 200-க்கு 48 வரவு, நஷ்டம் 152. விகிதத்தில் 100-தான் அழகாகத் தெரியும். ஆனால் அதே பணத்தை இறக்க இரண்டு லாட் போட வேண்டும். நான்கு ஆர்டர் எட்டாகிறது, தரகும் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியும் இரட்டிப்பாகின்றன. அதைவிடப் பெரிய குறை, ஸ்ட்ரைக்கைத் தாண்டி 100 புள்ளி போனாலே முழு நஷ்டம். 200-இல் அந்த ஆழத்தில் பாதிதான் போயிருக்கும், யோசிக்க நேரம் கிடைக்கும். நான் 200 பக்கம்.

கேள்வி: அந்தப் பாதுகாப்பை வாங்காமலே விட்டால் பிரீமியம் இன்னும் கூடுமே?

பதில்: கூடும். ஆனால் அது ஸ்ட்ராங்கிள். ஒரே இரவில் 8 சதவீதம் சரிந்தால் நஷ்டத்துக்குத் தரையே இல்லை. இங்கே பேசுவது வேறு.

கேள்வி: கால் பக்கம் அடிபட்டதும் அதை மேலே நகர்த்தினேன். மறுவாரம் சந்தை விழுந்தது, புட்டைக் கீழே நகர்த்தினேன். இரண்டிலும் நஷ்டம். எங்கே தவறினேன்?

பதில்: அடிபட்ட பக்கத்தை நகர்த்தினால் நஷ்டம் அங்கேயே உறுதியாகிவிடுகிறது. நான் எதிர்ப்பக்கத்தைத்தான் தொடுவேன். விற்ற ஸ்ட்ரைக்கின் டெல்டா 0.30-ஐத் தொடும்போது, அதுவும் ஒரே ஒரு முறை.

நம் உதாரணத்தில் 12 நாள் கழித்து இண்டெக்ஸ் 10,250 என்று வையுங்கள். வோலட்டிலிட்டி மாறவில்லை. 10,450 காலின் டெல்டா 0.30. கால் ஸ்ப்ரெட் 24-இலிருந்து 41 ஆகியிருக்கும். புட் ஸ்ப்ரெட் 3-க்கு வற்றியிருக்கும். அதை 3 கொடுத்து மூடிவிட்டு, 9,850 புட்டை விற்று 9,650-ஐ வாங்கினால் சுமார் 18 வரும். மொத்த வரவு 63, அதிகபட்ச நஷ்டம் 137. மேலே சமன் புள்ளி 10,498-இலிருந்து 10,513-க்கு நகர்கிறது.

இலவசம் அல்ல. கீழே அது 9,502-இலிருந்து 9,787-க்கு ஏறிவிட்டது. 996 புள்ளி அகலமாக இருந்த லாப எல்லை 726 ஆனது. இதற்குப் பிறகு 10,450-ஐயோ 9,850-ஐயோ விலை தொட்டால் முழுவதையும் மூடிவிடுவேன். இரண்டாவது முறை நகர்த்தினால் உங்கள் கதைதான் எனக்கும்.

கேள்வி: அந்த 0.30-இலேயே எல்லாவற்றையும் மூடினால் என்ன? உங்கள் கணக்குப்படியே 41-உம் 3-உம் 44. வாங்கிய 48-இல் இன்னும் 4 மிச்சம்.

பதில்: நல்ல கேள்வி. தரகு போனால் கையில் ஒன்றும் நிற்காது, ஆனால் நஷ்டமும் இல்லை. வோலட்டிலிட்டி ஏறிக்கொண்டிருந்தால் நானும் மூடுகிறேன். அது அசையாமல் விலை மட்டும் மெல்ல ஊர்ந்து வந்திருந்தால் நகர்த்துகிறேன். எப்போதும் மூடுகிற நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. எங்கள் வாதம் இன்னும் முடியவில்லை. இருவரும் ஒத்துப்போவது ஒன்றில்தான்: பாதி வரவு, அதாவது 24 புள்ளி, கைக்கு வந்தால் எக்ஸ்பைரி வாரத்துக்குக் காத்திருப்பதில்லை. அந்த வாரத்தில் விலை ஸ்ட்ரைக்கை நெருங்கிவிட்டால் ஒரே நாளில் டெல்டா 0.20-இலிருந்து 0.50-க்குத் தாவும், 0.30 என்ற விதி விழித்துக்கொள்ளும் முன்பே எல்லாம் முடிந்திருக்கும்.