வெள்ளத்தால கல்யாணம் நின்னா மண்டப அட்வான்ஸ் திரும்ப வருமா?

"வேலூர் பக்கம் மண்டபம் புக் பண்ணி அட்வான்ஸ் குடுத்திருந்தோம், வெள்ளம் வந்ததால கேன்சல் பண்ணிட்டோம். ரசீதுல ஃபோர்ஸ் மஜூர், இயற்கைச் சீற்றத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல, அட்வான்ஸ் திருப்பித் தரப்படமாட்டாதுன்னு போட்டிருக்கு. பணம் வாங்க முடியுமா?"

"கேன்சல் பண்ணிட்டோம்"னு எழுதி இருக்கீங்க பாருங்க, அந்த ஒரு வார்த்தையிலதான் உங்க கேஸே இருக்கு. மண்டபத்தால குடுக்க முடியாம போச்சா, இல்ல மண்டபம் நல்லா இருந்து நீங்க வேணாம்னீங்களா? மொதல்ல இதுக்குப் பதில் தெரியணும். மண்டபத்தால முடியலன்னா ரசீதுல எது அச்சடிச்சிருந்தாலும் பெரும்பாலும் பணம் வரும். நீங்க வேணாம்னா முழுசா வராது, போராடினா கொஞ்சம் வரும்.

நான் வேலூர்ல வக்கீல். ஆனா இது எங்க வீட்டுலயே நடந்த கதை. 2021 நவம்பர்ல மோர்தானா அணை நிரம்பி கௌண்டன்யா மகாநதியில தண்ணி வந்து குடியாத்தமே திணறிச்சு, பாலாறும் கரை தொட்டு ஓடிச்சு, ஞாபகம் இருக்கும். அந்தக் கார்த்திகை முகூர்த்தத்துலதான் எங்க அக்கா பொண்ணு கல்யாணம். மண்டப வாடகை 1,00,000, அதுக்கு ஜிஎஸ்டி 18,000, அட்வான்ஸா 70,000 கட்டிட்டு வந்தாரு மாமா. முகூர்த்தத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி ராத்திரி மண்டபத்து சாப்பாட்டு ஹால்ல முட்டியளவு தண்ணி, கரண்ட்டையும் நிறுத்திட்டாங்க. மாமா பதட்டத்துல மேனேஜருக்கு "சார் நாங்க கேன்சல் பண்ணிடறோம், அட்வான்ஸ் எப்ப வாங்கிக்கலாம்"னு வாட்ஸ்அப்ல டைப் அடிச்சிக்கினு இருந்தாரு. நல்லவேளை பக்கத்துல இருந்தேன், போனைப் புடுங்கிட்டேன். அதுக்குப் பதிலா "ஞாயித்துக்கிழமை மண்டபம் தர முடியுமா, முடியாதா, சொல்லுங்க, ஆளுங்களுக்குத் தகவல் சொல்லணும்"னு அனுப்பினோம். பத்து நிமிஷத்துல பதில் வந்தது: "சார் டைனிங்ல தண்ணி, கரண்ட் இல்ல, இந்த வாரம் குடுக்க முடியாது". எங்களுக்கு அந்த ஒரு வரி போதும்.

ஏன்னு சொல்றேன். ஃபோர்ஸ் மஜூர்ங்கறது பிரெஞ்சுச் சொல்லு, யார் கையிலும் இல்லாத ஒரு பெரிய தடை வந்தா சொன்ன வேலையை செய்யலன்னு தப்பு சொல்லக்கூடாதுங்கறதுதான் அதோட அர்த்தம். அதாவது மண்டபம் குடுக்கலன்னு நீங்க அவங்க மேல நஷ்ட ஈடு போட முடியாது, வேற மண்டபத்துக்கு அதிகமா குடுத்த காசைக் கேக்க முடியாது. அவ்ளோதான். "செய்ய வேணாம்"னு விடுதலை குடுக்கற பிரிவு "செய்யாமலே காசை வெச்சிக்கோ"ன்னு சொல்லாது. இந்த ரெண்டையும் ஒண்ணா போட்டுக் குழப்பித்தான் ஆபீஸ் ரூம்ல நம்மள மடக்கறாங்க.

சட்டத்துல இதுக்கு வழி 1872 ஒப்பந்தச் சட்டத்துலயே இருக்கு. ரசீதுல இயற்கைச் சீற்றம் பத்தி பிரிவு இருந்தா 32வது பிரிவுப்படி அந்த வாசகத்தைப் பாப்பாங்க, இல்லன்னா செய்யவே முடியாம போன ஒப்பந்தம் செல்லாதுங்கற 56வது பிரிவு. இந்த வித்தியாசத்தை சுப்ரீம் கோர்ட் 2017ல எனர்ஜி வாட்ச்டாக் வழக்குல தெளிவா சொல்லிடுச்சு. எந்த வழியில போனாலும் ஒப்பந்தம் செல்லாததா ஆச்சுன்னா அடுத்து 65வது பிரிவு வந்து நிக்கும்: அதுனால யாரு என்ன வாங்கி இருந்தாலும் திருப்பிக் குடுக்கணும், இல்ல ஈடு கட்டணும். "முடியாது"ன்னா வானம் இடிஞ்சி விழணும்னு இல்ல, நடைமுறையில அந்த ஒப்பந்தம் எதுக்குன்னு போட்டோமோ அதுவே கெட்டுப்போனா போதும்னு 1954ல சத்யபிரதா கோஷ் வழக்குலயே சொல்லி இருக்காங்க. சாப்பாட்டு ஹால்ல தண்ணி நிக்கற மண்டபத்துல மேடை மட்டும் காய்ஞ்சி கிடந்து இன்னா பிரயோஜனம்?

மேனேஜர் அடுத்து சொன்னது, "இன்னா சார், தை மாசம் தேதி தரோம், அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க". பொண்ணுக்கு அதே முகூர்த்தத்துல கோயில்ல தாலி கட்டியாச்சு, தை மாசம் யாருக்குக் கல்யாணம் பண்றது? தேதி மாத்திக்கறதுங்கறது ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா ஒரு புது ஒப்பந்தம், ஒத்துக்கணும்னு கட்டாயம் இல்ல. உங்களுக்கு உபயோகம்னா தாராளமா எடுத்துக்கோங்க, பழைய வாடகையேன்னு மட்டும் எழுதி வாங்கிக்கோங்க.

இன்னொரு நிலைமை, வெள்ளத்துல ஊர் ஜனத்தைத் தங்க வைக்க அதிகாரிங்க மண்டபத்தையே எடுத்துக்கறது. 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டம் 65வது பிரிவுல அந்த அதிகாரம் இருக்கு, 66ல ஓனருக்கு ஈடு குடுக்கவும் வழி இருக்கு. அதனால கவர்மெண்ட் எடுத்துக்கிச்சின்னு சொல்லி உங்க காசையும் வெச்சிக்கறது எடுபடாது. உத்தரவு காப்பி கேளுங்க.

இப்ப கஷ்டமான பக்கம். மண்டபம் காய்ஞ்சி இருக்கு, ஜெனரேட்டர் ஓடுது, ஆனா சொந்தக்காரங்க பாதி பேர் வர முடியல. இதுல மண்டபம் தன் பங்கை செஞ்சிடுச்சு. கூட்டம் கொறையும், செலவு ஏறும்னு சொன்னா ஒப்பந்தம் முறியாது. ஆரஞ்சு அலர்ட்னு நியூஸ் பாத்துட்டு அஞ்சு நாள் முன்னாடியே வேணாம்னு சொன்னீங்கன்னா இன்னும் மோசம். மாப்ள ஊரே தீவாகி பாலம் மூடிட்டாங்க, பொண்ணு மாப்பிள்ளையே வர முடியலங்கற மாதிரி இருந்தா வாதாடலாம், போலீஸோ கலெக்டரோ ரோடு மூடின அறிவிப்பு கையில இருக்கணும். அதுவும் இல்லன்னா ஒப்பந்தச் சட்டத்தோட 74வது பிரிவைப் புடிங்க. ஒப்பந்தத்தை முறிச்ச ஆள்கிட்ட நியாயமான ஈடு மட்டும்தான் வாங்கலாம், நஷ்டமே இல்லன்னா அட்வான்ஸை விழுங்கக்கூடாதுன்னு 2015ல கைலாஷ் நாத் வழக்குல தீர்ப்பு. அதே தேதிக்கு மண்டபத்தை வேற விசேஷத்துக்கு விட்டாங்களான்னு விசாரிங்க, வாசல்ல கட்டின ஃப்ளெக்ஸ் போட்டோ ஒண்ணு கிடைச்சா வேலை சுலபம்.

எங்க விஷயத்துல, சுவத்துல தண்ணிக் கறை தெரியற மாதிரி போட்டோ, வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட், ரசீது ஜெராக்ஸ் வெச்சி ஒப்புகை அட்டையோட ரிஜிஸ்டர் தபால்ல நோட்டீஸ் விட்டேன். மூணு வாரம் சத்தமே இல்ல, அப்புறம் ஓனரே கூப்புட்டு சீரியல் செட்டுக்காரனுக்கு முன்பணம் குடுத்ததுன்னு 10,000 புடிச்சிக்கிட்டு 60,000 குடுத்தாரு. அந்தப் பத்தையும் கேட்டிருக்கலாம், ஆனா அவரு மண்டபத்துல சேறு வார்றதுக்கே நாலு நாள் ஆச்சு, மாமாவும் விட்டுரு மச்சான்னாரு. முடிஞ்சது.

குடுக்கலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். மண்டபம் எங்க இருந்தாலும் நீங்க குடியிருக்கற மாவட்டத்துலயே போடலாம், அஞ்சு லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், வக்கீல் இல்லாமயும் e-jagriti.gov.in மூலமா பண்ணலாம். அதுக்கு முன்னாடி நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு ஒரு போன் போடுங்க.

இன்னும் மேனேஜருக்கு எழுத்துல எதுவும் அனுப்பலன்னா, "கேன்சல்"ங்கற வார்த்தை இல்லாம "அன்னிக்கு மண்டபம் தரக்கூடிய நிலைமையில இருந்ததா"ன்னு மட்டும் கேட்டு அனுப்புங்க. வர்ற பதிலை இங்க கமெண்ட்ல போடுங்க, பாத்துட்டு சொல்றேன்.