வாடகை வீட்டின் விலை நியாயமா என்று எப்படிப் பார்ப்பது?

"மாத வாடகை 50,000. கேட்கும் விலை 1 கோடி. 6% கிடைக்கும் என்கிறார்கள். 8% வட்டிக்குக் கடன் எடுத்து வாங்கலாமா?"

இந்த விலைக்கு வேண்டாம். அந்த 6% மொத்த வாடகையை வைத்துச் சொன்னது. ஆண்டு வாடகை 6 லட்சத்தில், வீடு காலியாக இருக்கும் ஒரு மாதத்துக்கு 50,000 கழியுங்கள். அப்புறம் வரி, காப்பீடு, பழுது, பராமரிப்பு எல்லாம் சேர்த்து 1,30,000 என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 4,20,000. இதுதான் நிகர இயக்க வருமானம். கடன் வட்டியை இதில் கழிக்கக் கூடாது. வட்டி என்பது வீட்டை வாங்குபவரைப் பொறுத்தது, கட்டடத்தைப் பொறுத்தது அல்ல.

1 கோடிக்கு இது வெறும் 4.2%. அக்கம்பக்கத்தில் அண்மையில் விற்ற இதே மாதிரி வீடுகள் 6% நிகர வருமானத்தில் கைமாறியிருந்தால், அதுதான் அங்கே மூலதனமாக்க விகிதம். அந்த விகிதத்தில் இந்த வீட்டின் நியாயமான விலை 4,20,000 ÷ 0.06 = 70 லட்சம்.

சரி, 70 லட்சத்துக்கே கிடைத்தாலும் கடனைப் பாருங்கள். அதில் 42 லட்சத்தைக் கடனாக எடுத்தால், 8% வீதம் முதல் ஆண்டு வட்டி ஏறக்குறைய 3,36,000. மிஞ்சும் 84,000, நீங்கள் போட்ட 28 லட்சத்துக்கு 3% தான். கடனே இல்லாமல் வாங்கினால் 6%. வட்டி விகிதம் வருமான விகிதத்தைத் தாண்டினால், கடன் கூடக்கூட உங்கள் பங்கின் வருமானம் தேயும். பிறகு வீட்டின் விலை ஏறினால்தான் கடன் எடுத்ததில் லாபம். அதை இந்தக் கணக்கு சொல்லாது.