பக்கத்துக் கடையா, ஒரு கிலோமீட்டர் தள்ளியா?

கேள்வி: "செந்தூலில் நாங்கள் இருக்கும் தாமானில் ஒரே நேர் சாலை, சுமார் 2 கிலோமீட்டர். மேற்கு முனையிலிருந்து 500 மீட்டரில் ஏற்கெனவே ஒரு மளிகைக்கடை இருக்கிறது. அவருக்குப் பொன்னி அரிசி மூட்டைதான் முக்கிய வியாபாரம், எனக்கும் அதுதான். ஏஜெண்டு அந்தக் கடைக்குப் பக்கத்திலேயே ஒரு கடைவீட்டைக் காட்டி, 'ஆள் நடமாட்டம் இங்கேதான், இன்றே புக்கிங் பணம் கட்டிவிடுங்கள்' என்கிறார். கடையை எங்கே போடுவது, மூட்டைக்கு என்ன விலை வைப்பது?"

பதில்: பணம் கட்டாதீர்கள். அந்தக் கடைவீடு உங்களுக்கு ஆகாது. மேற்கிலிருந்து 1.5 கிலோமீட்டர், அதாவது அவர் கடையிலிருந்து ஒரு கிலோமீட்டர் கிழக்கே இடம் தேடுங்கள். ஏன் என்பதை ஒரு கணக்கோடு பார்ப்போம்.

சாலை நெடுக 300 வீடுகள் சீராகப் பரவியிருக்கின்றன, வீட்டுக்கு மாதம் ஒரு மூட்டை என்று வைத்துக்கொள்வோம். மூட்டை உங்கள் கடைக்கு வந்து இறங்கும்போது அடக்கம் 50 வெள்ளி, அவருக்கும் அதே. வாடிக்கையாளர் கடைக்கு வந்துபோக ஆகும் செலவை மறக்கக்கூடாது. பெட்ரோல், பார்க்கிங், நேரம், அலுப்பு எல்லாவற்றையும் சேர்த்து, கடை ஒரு கிலோமீட்டர் தள்ளியிருந்தால் 3 வெள்ளி என்று போடுங்கள். வாங்குகிறவர் உங்கள் விலையை மட்டும் பார்ப்பதில்லை. விலையோடு இந்த 3 வெள்ளிக் கணக்கையும் மனத்துக்குள் கூட்டித்தான் எந்தக் கடை என்று முடிவு செய்கிறார்.

நீங்கள் 1.5 கிலோமீட்டரில் கடை போட்டால் இருவருக்கும் நிற்கும் விலை 56 வெள்ளி. அடக்கத்துக்கு மேலே 6 வெள்ளி. சாலையின் முழு நீளத்தையும் கடக்க ஆகும் செலவு அதுதான்: 2 கிலோமீட்டர், 3 வெள்ளி வீதம். ஆளுக்கு 150 வீடு, மாதம் 900 வெள்ளி. பேராசைப்பட்டு 57 வைத்தால் நடுவில் இருக்கும் 25 வீடுகள் அவர் பக்கம் போகும். 125 மூட்டை, 7 வெள்ளி, ஆக 875. 55 ஆக இறக்கினால் 25 வீடுகள் கூடுதலாக வரும். 175 மூட்டை, 5 வெள்ளி, அதுவும் 875. ஏற்றினாலும் இறக்கினாலும் 25 வெள்ளி குறைகிறது. அதனால்தான் 56-இல் விலை நிற்கிறது.

இன்னொரு சோதனையும் போட்டுப் பாருங்கள், இது முக்கியம். அவர் கோபத்தில் உங்கள் வாடிக்கையாளர் அத்தனை பேரையும் இழுக்க நினைத்தால் என்ன விலை வைக்க வேண்டும்? உங்கள் கடை வாசலில் நிற்கிறவரும் ஒரு கிலோமீட்டர் போய் வாங்கும் அளவுக்கு, 53-க்குக் கீழே. 52.90 வைத்தால் 300 மூட்டைக்கு 2.90 வீதம் 870. சும்மா இருந்தாலே அவருக்கு 900 வருகிறதே! அதனால் இறக்கமாட்டார். இந்த ஒரு கிலோமீட்டர்தான் உங்கள் வேலி.

இப்போது ஏஜெண்டு காட்டும் இடத்துக்கு வாருங்கள். அங்கே ஆள் நடமாட்டம் இருப்பது உண்மைதான். இருப்பது ஒரே கடை, வேறு எங்கே போவார்கள்? இரண்டாவது கடை வந்ததும் 300 வீடு 600 ஆகிவிடாது. இரண்டு கடைக்கும் நடக்கும் தூரம் ஒன்றாகிவிட்டால் விலை மட்டுமே மிஞ்சும். நீங்கள் 56 என்றால் அவர் 55.50 என்று அட்டை எழுதுவார், 300 வீடும் அவருக்கே. நீங்கள் 55 என்பீர்கள். அட்டையை மாற்றி மாற்றி எழுதி 50-இல்தான் போய் நிற்பீர்கள். அங்கே லாபம் பூஜ்யம், வாடகை மட்டும் மாதாமாதம் வரும். ஏஜெண்டுக்கு ஒப்பந்தம் முடிந்ததும் கமிஷன் கைக்கு வந்துவிடும்; உங்கள் அட்டையில் 50 எழுதியிருக்கும் நாளில் அவர் வேறு தெருவில் வேறு ஒருவருக்கு 'ஆள் நடமாட்டம்' காட்டிக்கொண்டிருப்பார். 'இன்றே கட்டுங்கள்' என்கிறவரிடம் முதலில் அவருடைய பதிவு எண் அட்டையைக் கேளுங்கள். பதிவுபெற்ற முகவர் அதை மாட்டியிருக்க வேண்டும். பணத்தை அவருடைய சொந்தக் கணக்கில் போடச் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

பக்கத்துக் கடையைவிட ஏமாற்றுகிற பொறி 'கொஞ்சம் நடுவுக்கு வாருங்கள்' என்பது. 1.1 கிலோமீட்டரில் ஓர் இடம் காட்டுவார்கள். காகிதத்தில் அது அழகாக இருக்கும். உங்கள் முதுகுக்குப் பின்னே கிழக்கில் 900 மீட்டர், அதாவது 135 வீடுகள், உங்களைத் தாண்டித்தான் அவரிடம் போக முடியும். நீங்கள் 56.40, அவர் 55.60 என்று விலை வைத்தால் உங்களுக்கு 160 மூட்டை, லாபம் 1,024. 900-ஐவிட நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் வேலி 600 மீட்டராகச் சுருங்கிவிட்டதைக் கவனியுங்கள். அவர் 54.60-க்குக் கீழே வந்தாலே போதும், 300 வீடும் அவருக்கு. 54.50 வைத்தால் மாதம் 1,350. இறக்காமல் இருந்தால் அவருக்கு 784 மட்டுமே. இறக்காமல் விடுவாரா? நீங்கள் 55.85-க்கு வருவீர்கள், அவர் 54-க்கு இறங்குவார், இப்படியே போய் உங்கள் லாபம் மூட்டைக்கு 3 வெள்ளி பக்கம் வந்துவிடும். அப்போது முதுகுப்பக்க 135 வீடுகளை வைத்து மாதம் 400 வெள்ளிதான். ஒரு கட்டத்தில் அவரே அலுத்துப்போய் விலையை ஏற்றுவார், நீங்களும் ஏற்றுவீர்கள், ஏற்றிய மறுவாரம் ஆட்டம் மறுபடியும் தொடங்கும். எதிர்க் கடையில் வாராவாரம் 'புரோமோஷன்' ஸ்டிக்கர் மாறினால், இரு கடையும் தேவைக்கு மேல் நெருங்கிவிட்டன என்று அர்த்தம்.

இந்தக் கணக்கில் பெரிய தலைகளே சறுக்கியிருக்கிறார்கள். 1929-இல் ஹரால்ட் ஹோட்டெலிங் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் இரண்டு கடைகளும் நடுவை நோக்கி நெருங்கும் என்று எழுதினார். நெருங்கினால் விலையே நிற்காது என்பதை 1979-இல்தான் டாஸ்ப்ரமான்ட், காப்செவிச், டிஸ் என்ற மூவர் காட்டினார்கள். சாலையின் நடுவிலிருந்து சம தூரத்தில் நிற்கும் இரண்டு கடைகளும், தத்தம் முனையிலிருந்து சாலை நீளத்தில் கால் பங்குக்கு மேல் உள்ளே வந்தால் விலை தடுமாறும். 2 கிலோமீட்டருக்குக் கால் பங்கு 500 மீட்டர். அவர் சரியாக அங்கேதான் நிற்கிறார். உங்களுக்கு அதன் எதிர்ப்புள்ளி 1.5 கிலோமீட்டர். பயந்துபோய் கிழக்கு முனைக்கே ஓட வேண்டுமா என்றால், மோட்டார் சைக்கிளிலும் காரிலும் வருகிறவர்கள் அதிகமென்றால் வேண்டாம்: அங்கே உங்கள் விலை 55.50, லாபம் 756 ஆகக் குறையும். மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடக்கிற பாட்டிமார் அதிகமென்றால் கதை மாறும். அவர்களுக்கு இரண்டாவது கிலோமீட்டர் முதலாவதைவிடப் பல மடங்கு கடினம். செலவு அப்படித் தூரத்தோடு எகிறிக்கொண்டே போனால் முனைக்குத் தள்ளிப் போவதே லாபம். ஆக 1.5-க்கும் முனைக்கும் இடையில் தேடுங்கள். 1.5-க்கு உள்ளே மட்டும் வராதீர்கள்.

பெட்ரோல் நிலையங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றனவே என்று கேட்பீர்கள். எல்லோரும் கேட்பதுதான், அதனால் விரிவாகவே சொல்கிறேன். ரோன் 95-க்கு அரசு அறிவிக்கும் விலைதான், எந்த நிலையத்திலும் அதே விலை. விலையை இறக்க முடியாதபோது விலைப்போரும் வராது. இடம் மட்டும்தான் ஆயுதம். அப்போது அவருக்கு ஒட்டினாற்போல் கிழக்குப் பக்கத்தில் நின்றால் மேற்கு 75 வீடு அவருக்கு, மீதி 225-ம் உங்களுக்கு. அவரால் இடம் மாற முடியுமென்றால் உங்களைத் தாண்டி வந்து நிற்பார், நீங்கள் அவரைத் தாண்டுவீர்கள், கடைசியில் இருவரும் சாலை நடுவில் முதுகோடு முதுகு ஒட்டி ஆளுக்கு 150 வீடு வைத்திருப்பீர்கள். முனையில் இருக்கிற வீட்டுக்காரர்கள் மட்டும் வீணாகக் கூடுதல் தூரம் வருவார்கள். கட்டுப்பாட்டு விலைச் சீனியும் 1 கிலோ பாக்கெட் சமையல் எண்ணெயும் இந்த ரகம். ஏஜெண்டு சொல்வது இவற்றுக்குச் சரி. ஆனால் சீனியிலும் பாக்கெட் எண்ணெயிலும் கிடைக்கும் காசு வாடகைக்குப் போதுமா? உங்கள் வருமானம் பொன்னியில், அதன் விலை உங்கள் கையில். ஆகவே உங்களுக்கு இந்த விலக்கு பொருந்தாது.

உண்மையான எண்களை எடுக்க இரண்டு வேலை செய்யுங்கள். கிலோமீட்டரை நம்பாமல் வாசல்களை எண்ணுங்கள். கிழக்கில் ஓர் அடுக்குமாடி இருந்தால் அதன் தபால்பெட்டிகளை எண்ணினாலே போதும், 'நடு' எங்கே என்பது அதோடு நகர்ந்துவிடும். அடுத்து, 3 வெள்ளி என்று நான் போட்டதை உங்கள் தாமானில் சரிபாருங்கள். ஒரு கிலோமீட்டர் தள்ளி மூட்டை எத்தனை வெள்ளி மலிவாக இருந்தால் போய் வாங்குவீர்கள் என்று இருபது வீட்டில் கேளுங்கள். பாதிப் பேர் சம்மதிக்கும் தொகைதான் உங்கள் எண். அது 2 என்று வந்தால் 56 வைக்காதீர்கள், 54-தான் நிற்கும். இலவசமாக வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பதாக இருந்தால் இந்தக் கணக்கே செல்லாது.

எதிர்க் கடைக்காரரோடு கோப்பிக் கடையில் உட்கார்ந்து '56-க்குக் கீழே வேண்டாம்' என்று பேசி முடிக்கலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். 2010-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் அதைத் தடை செய்கிறது. இடைவெளி சரியாக இருந்தால் அந்தப் பேச்சே தேவைப்படாது.

இடத்தை முதலில் முடிவு செய்து, விலையைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். விலை அட்டையை ஒரு நிமிடத்தில் மாற்றலாம். கடையை மாற்றினால் வியாபார லைசென்ஸ் புது முகவரிக்கு மறுபடியும், சைன்போர்டு அனுமதி மறுபடியும், போர்டில் உள்ள மலாய் எழுத்துக்கு ஒப்புதல் மறுபடியும். இரண்டு வரி முகவரித் திருத்தத்துக்கு ஏன் இத்தனை கவுண்டர் என்று கேட்டால் அடுத்த கவுண்டரைக் கைகாட்டுவார்கள். அதனால் 1.5 கிலோமீட்டர் பக்கம் காலியான கடைவீடு இன்று இல்லையென்றால், பக்கத்துக் கடையில் தற்காலிகமாகத் தொடங்கலாம் என்ற எண்ணத்துக்கு இடம் கொடுக்காதீர்கள். அந்தப் பகுதிக் கடைகளில் யாருடைய ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று உரிமையாளர்களிடம் நேரில் கேட்டு வையுங்கள்.