கிளையண்ட்டுக்கு ஃபைல் அனுப்பும்போது மெயிலில் என்ன எழுதுவது?

"முடித்த வேலையை கிளையண்ட்டுக்கு அனுப்பும்போது ‘பார்த்துச் சொல்லுங்கள்’ என்று மட்டும் எழுதினால் போதாதா? இரண்டு வரியில் வேறு என்ன எழுதுவது?"

போதாது. அந்த இரண்டு சொல்லால் இரண்டு வாரம் இழந்தவன் சொல்கிறேன்.

உங்களிடமும் எப்படியும் "நல்லா இருக்கு சார்" என்று ஒரு பதில் வந்திருக்கும், அதை நம்பி அடுத்த வேலையைத் தொடங்கியிருப்பீர்கள், பிறகு குண்டு விழுந்திருக்கும். இல்லையென்றால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

நான் புத்தகப் பக்க வடிவமைப்பு செய்பவன். ஒரு கட்டுரைத் தொகுப்பு, 240 பக்கம். உட்பக்கங்களை பிடிஎஃப் ஆக்கி, "இணைப்பில் ஃபைல் உள்ளது, பார்த்துச் சொல்லுங்கள்" என்று அனுப்பினேன். மறுநாளே "அருமை, மேலே போங்கள்" என்று பதில். போனேன். எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று காட்டும் சொல்லடைவைக் கையால் போட்டேன். அட்டையையும் முடித்தேன்.

அட்டையில் முதுகு என்று ஒன்று உண்டு. அதன் அகலம் பக்க எண்ணிக்கையைப் பொறுத்தது. 240 பக்கம் என்றால் 120 தாள். ஒரு தாள் ஏறக்குறைய 0.1 மி.மீ. என்று வைத்தால் முதுகு 12 மி.மீ. அந்த அளவுக்கு ஒரு கறுப்புப் பட்டை போட்டு, அதில் தலைப்பை வைத்திருந்தேன்.

பத்து நாள் கழித்து அந்தக் கிளையண்ட்டிடமிருந்து நாற்பது திருத்தங்களும் இரண்டு புதுக் கட்டுரைகளும் வந்தன. "சார், அன்றைக்கு ஓகே சொன்னீர்களே?" என்றேன். "டிசைன் ஓகேன்னு சொன்னேன் தம்பி, மேட்டரை யார் படிச்சா?" என்றார். போனில் முதல் நாலைந்து பக்கத்தைத் தள்ளிப் பார்த்திருக்கிறார், எழுத்து அழகாகத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான். அவர் மேல் தப்பே இல்லை. எதைப் பார்க்கவேண்டும் என்று நான் சொல்லவே இல்லையே.

புத்தகம் 272 பக்கமானது. சொல்லடைவில் இருந்த பக்க எண்கள் பாதிக்கு மேல் பொய்யாகிவிட்டன. அதைத் திருத்தும் அவசரத்தில் முதுகை மறந்தேன். அச்சகத்தில் மாதிரி அட்டையை மடித்துப் பார்த்தவர்தான் பிடித்தார்: முதுகு இப்போது 13.6 மி.மீ. வேண்டும், என் பட்டையோ 12-தான். முன்னட்டையின் நிறம் முதுகுக்குள் எட்டிப் பார்த்தது.

இப்போது நான் அனுப்பும் மெயில் இப்படி இருக்கும்:

"இணைப்பில்: nool_ulpakkam_v2.pdf, உட்பக்கங்கள் 1 முதல் 240 வரை (அட்டை இதில் இல்லை, படங்கள் பார்வைக்கு மட்டும், தெளிவு குறைத்தவை).
தேவை: எழுத்துப்பிழை, விடுபட்ட பத்தி, சேர்க்கவேண்டிய கட்டுரை இவற்றை மட்டும் பக்க எண்ணோடு வியாழன் மாலைக்குள் சொல்லுங்கள், வெள்ளி முதல் இந்தப் பக்க எண்ணிக்கையை வைத்து சொல்லடைவும் அட்டையும் தொடங்குகிறேன்."

முதல் வரியில் "இதில் இல்லை" என்பதுதான் முக்கியம். அதை எழுதாவிட்டால் "அட்டை எங்கே", "படம் ஏன் மங்கல்" என்றுதான் பதில் வரும், எழுத்தை யாரும் படிக்கமாட்டார்கள். இரண்டாவது வரியில் உயிர் இருப்பது கடைசித் துண்டில். நாள் மட்டும் குறித்தால் யாரும் மதிப்பதில்லை. அந்த நாளுக்குப் பிறகு எந்த வேலை தொடங்கும் என்று தெரிந்தால் உட்கார்ந்து படிக்கிறார்கள். படித்தாரா என்பதைப் பதிலைப் பார்த்தே சொல்லிவிடலாம். பக்க எண் இருந்தால் படித்திருக்கிறார். "சூப்பர்" என்று மட்டும் வந்தால் நான் வேலையைத் தொடங்குவதில்லை, "எழுத்துகளையும் பார்த்துவிட்டீர்களா?" என்று ஒரு தடவை கேட்டுவிடுகிறேன்.

"இதென்ன, கிளையண்ட்டுக்கு உத்தரவு போடுவதா" என்று சிலர் கமெண்ட்டில் வருவார்கள், தெரியும். "தயவுசெய்து" சேர்த்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. மூன்றாவது வரி வந்தாலும் குற்றமில்லை. ஆனால் பத்து வரி எழுதிப் பார்த்திருக்கிறேன். கேள்வி ஏழாவது வரியில் இருந்தது, பதில் முதல் வரிக்கு மட்டும் வந்தது.

கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். இன்னமும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த வேர்ட் ஃபைலை அனுப்புகிறவர்களே, அது என் கணினியில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் கூளமாகத்தான் தெரிகிறது. யூனிகோடுக்கு மாற்றியபின் நடுவில் இருந்த ஆங்கிலச் சொற்களெல்லாம் தமிழ் எழுத்தில் உளறலாகிவிடுகின்றன; அவற்றைத் தேடித் திருத்துவதற்கு நான் தனிக் கூலி கேட்டால் மட்டும் கோபம் வருகிறது.

அந்த 272 பக்கக்காரர் இப்போதும் என்னிடம்தான் வருகிறார். போன வாரம் அனுப்பிய மெயிலுக்குப் பதினோரு பக்க எண்களோடு பதில் வந்தது. பன்னிரண்டாவதை வாட்ஸ்அப்பில் குரல்பதிவாக அனுப்பியிருந்தார், ஆறு நிமிடம்.