முதல் எச்.ஆர்., முதல் மாதம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

14 பேர் வேலை செய்யும் மென்பொருள் நிறுவனத்தில் முதல் எச்.ஆர். ஆகச் சேர்ந்திருக்கிறேன். யாரிடமும் நியமனக் கடிதம் இல்லை. பழைய தேதியிட்டு இப்போது கொடுத்துவிடலாமா?

வேண்டாம். கடிதத்தில் இன்றைய தேதியையே இடுங்கள்; உள்ளே, ‘தாங்கள் இன்ன நாள் முதல் இப்பொறுப்பில் பணியாற்றி வருகிறீர்கள்’ என்று எழுதுங்கள். அந்த ‘இன்ன நாள்’ எது என்பதில்தான் சிக்கல் வரும். முதல் சம்பளம் வங்கியில் ஏறிய மாதத்தையும், வேலைக்கு எடுத்தபோது அனுப்பிய மின்னஞ்சலையும் ஒப்பிட்டு ஒரே பட்டியலாக எழுதி, அவரவர் வரியை அவரவரிடம் காட்டிச் சரிபார்த்த பிறகு கடிதத்தை அச்சிடுங்கள். முதல் இரண்டு மாதம் பயிற்சி என்று சொல்லி உதவித்தொகை பெற்றவர், அந்த மாதங்களும் சேர வேண்டும் என்பார். பணிக்கொடைக்கான காலம் சேர்ந்த நாளிலிருந்து கணக்கிடப்படுவதால், இதை இப்போதே பேசித் தீர்ப்பதுதான் நியாயம்.

ஆட்கள் 20 பேரைத் தொடாததால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் தேவையில்லை என்கிறார் உரிமையாளர். சரியா?

20 என்பது பி.எஃப்.க்கான எண்ணிக்கை. தமிழ்நாட்டில் இ.எஸ்.ஐ.க்கு 10 பேர் போதும். சிறு நிறுவனங்கள் அதிகம் தவறுவது இங்கேதான்: மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோர் மட்டுமே காப்பீட்டுக்குள் வருவர் என்பதால், அவர்களை மட்டும் எண்ணி, ‘மூன்று பேர்தானே’ என்று விட்டுவிடுகிறார்கள். நிறுவனம் சட்டத்துக்குள் வருகிறதா என்பதற்கு, அதிக ஊதியம் பெறுவோரையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

உங்கள் அலுவலக உதவியாளரின் ஊதியம் 18,000 ரூபாய் என்றால், அவர் பங்கு 0.75 சதவீதம், அதாவது 135 ரூபாய். நிறுவனத்தின் பங்கு 3.25 சதவீதம், 585 ரூபாய். மொத்தம் 720 ரூபாயை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் செலுத்த வேண்டும். கட்டாமல் விட்ட பழைய மாதங்களின் தொழிலாளர் பங்கை இப்போதைய சம்பளத்தில் பிடிக்க முடியாது. அதையும் நிறுவனமே ஏற்க நேரும். உரிமையாளரிடம் இந்தக் கணக்கை எழுதியே காட்டுங்கள்.

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் சட்டத்தின் உள்ளகக் குழுவுக்கும் எல்லை 10 பேர்தான். மூத்த பெண் ஊழியர் தலைமை ஏற்க வேண்டும். வெளியிலிருந்து ஓர் உறுப்பினர் வேண்டும். குழுவில் பாதிப்பேராவது பெண்களாக இருக்க வேண்டும். வெளி உறுப்பினரைத் தேடி இசைவு பெற நாளாகும் என்பதால் அதை முதல் வாரத்திலேயே தொடங்குங்கள்.

இதுவரை விடுப்பெல்லாம் வாட்ஸ்அப்பில்தான். பழைய இருப்பை எப்படிக் கணக்கிடுவது?

இரண்டு ஆண்டுச் செய்திகளைத் தோண்ட வேண்டாம். ஒரு தொடக்க நாளைக் குறித்து, அன்றைய இருப்பாக ஒவ்வொருவரும் சொல்லும் எண்ணை உரிமையாளர் ஒப்புக்கொண்டால் அதையே பதியுங்கள். அதன்பின் மாதந்தோறும் 25ஆம் தேதியோடு வருகைக் கணக்கை மூடுங்கள். அதற்குப் பிறகு எடுக்கும் விடுப்பு அடுத்த மாதச் சம்பளத்தில் சேரும் என்பதையும் நியமனக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.